7440-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி

எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்ஜியங்களை எக்செல் விழுங்கிவிடுவதைப் போன வாரம் பார்த்தோம். நடுவில் கோடு போட்ட எண்களுக்கு நேர்வது அதைவிட மோசம்.

வேதிப்பொருள் ஒவ்வொன்றுக்கும் சிஏஎஸ் எண் என்று ஓர் அடையாளம் உண்டு. பல்லேடியத்துக்கு 7440-05-3, பிளாட்டினத்துக்கு 7440-06-4, நிக்கலுக்கு 7440-02-0. ஆய்வகத்தின் இருப்புப் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கி, எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் பல்லேடியத்தின் கட்டத்தில் 03-05-7440 என்று நிற்கும். 7440-ஆம் ஆண்டின் மே மூன்றாம் தேதி! எக்செலின் நாட்காட்டி 9999 வரை ஓடுவதால் அந்த ஆண்டு அதற்கு உறுத்துவதே இல்லை. நிக்கல் மட்டும் தப்பிவிடும், ஏனென்றால் பூஜ்ஜியம் என்றொரு தேதி கிடையாது. இப்படிச் சில வரிகள் மட்டும் மாறுவதால்தான் தவறு கண்ணில் படாமல் போகிறது.

சிஎஸ்வி வெறும் எழுத்துக் கோப்பு. எந்தப் பத்தி எண், எந்தப் பத்தி தேதி என்ற குறிப்பு அதில் இருக்காது. எக்செலே ஊகிக்கிறது. மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தாலும் பயனில்லை.

கோப்பைச் சேமிக்காதவரை மூலம் பத்திரமாக இருக்கிறது. மூடிவிட்டு, `Data` பட்டியில் `From Text/CSV` வழியாகக் கொண்டுவாருங்கள். முன்னோட்டத்தில் `Data Type Detection` என்ற இடத்தில் `Do not detect data types` என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் எழுத்தாகவே வரும். தேதியாக மாறிய கட்டத்தை அதன்பின் `Text` வடிவத்துக்கு மாற்றினால் பழைய எண் திரும்பாது. 1900 தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள் கணக்குதான் வெளியே வரும்.

மூலக் கோப்பே கையில் இல்லையென்றால், இப்படி முதல் பகுதி நான்கு இலக்கமாக உள்ள சிஏஎஸ் எண்களுக்கு ஒரு மீட்பு உண்டு:

```
=TEXT(A2,"yyyy-mm-d")
```

நடுப்பகுதி எப்போதும் இரண்டு இலக்கம், கடைசி ஒரே இலக்கம் என்பதால் இது சரியாகப் பொருந்துகிறது. 3-4 போன்ற குறியீட்டுக்கு இந்த வசதி இல்லை. மூலத்தில் இருந்தது 3-4-ஆ, 03-04-ஆ என்பதை யாராலும் சொல்ல முடியாது.

மாறிய கோப்பைச் சிஎஸ்வியாகவே சேமித்து, மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க அமைப்புள்ள கணினியில் திறந்தால் 03-05 மார்ச் ஐந்தாகிவிடும். மீட்டால் 7440-03-5 வரும். இதைப் பிடிக்கக் கடைசி இலக்கம் உதவுகிறது. அது சரிபார்ப்பு இலக்கம். மற்ற இலக்கங்களை வலமிருந்து 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் அதுவாக இருக்க வேண்டும். 7440-05-க்குக் கூட்டுத்தொகை 83, ஆகவே 3 சரி. 7440-03-க்கு 81 வருகிறது, 5 பொருந்தவில்லை.

பிறர் அனுப்பிய பட்டியல் எதுவானாலும், சிஏஎஸ் பத்தியில் இந்தக் கணக்கை ஓட்டிப் பார்த்த பிறகே கொள்முதலுக்கு அனுப்புங்கள்.

(தொடரும்)