சரிவில் கிடைத்த லாபம்: அமெரிக்க ஐந்தாண்டுப் பத்திரம், 2010இலும் 2024இலும்

2010 டிசம்பர் முடிவில் அமெரிக்க அரசின் ஐந்தாண்டுப் பத்திரம் தந்த யீல்டு 2.01 சதவீதம்தான். 2024 டிசம்பர் முடிவில் அது 4.38. 2024இல் வாங்கியவருக்கே யோகம் என்று தோன்றும். பத்திரத்தை ஓராண்டு மட்டும் வைத்திருப்பவரின் கணக்கு வேறு மாதிரி.

2010 முடிவில் மூன்றாண்டு யீல்டு 1.02, ஐந்தாண்டு 2.01. நடுவே நான்காண்டுக்கு 1.52 என்று கொள்வோம். இந்த வளைகோடு ஓராண்டு அசையாமல் இருந்தால், 100 டாலருக்கு வாங்கிய ஐந்தாண்டுப் பத்திரம் நான்காண்டுப் பத்திரமாகிவிடும். கூப்பன் மாறாது, ஆனால் சந்தை கேட்கும் யீல்டு 1.52 மட்டுமே. மிஞ்சும் 0.49 டாலர் நான்கு ஆண்டுகளுக்கு வரும் என்பதால் விலை 101.89 டாலராகும். இந்த 1.89தான் ரோல்டவுன். கூப்பனையும் சேர்த்தால் வருமானம் 3.90 சதவீதம்.

பத்திரம் வாங்கப் போட்ட பணத்துக்கும் செலவு உண்டு. ஓராண்டு வட்டி அன்று 0.29. கூப்பனில் அதைக் கழித்தால் கேரி 1.72. இரண்டும் சேர்ந்து 3.61.

2024 முடிவில் மூன்றாண்டு 4.27, ஐந்தாண்டு 4.38. கோடு மேல்நோக்கித்தான் இருந்தது. ஆனால் ஏறக்குறைய சமதரை. ரோல்டவுன் 0.20தான். ஓராண்டு வட்டி 4.16 என்பதால் கேரி 0.22. மொத்தம் 0.42. யீல்டு இரட்டிப்பானது, காத்திருப்பதற்கான கூடுதல் பலன் எட்டில் ஒரு பங்குக்குச் சுருங்கியது. இடைப்பட்ட 2023இல் கோடு தலைகீழாகக் கிடந்ததால் கேரி, ரோல்டவுன் இரண்டும் நஷ்டக் கணக்கில் இருந்தன.

கோடு அசையாது என்பது வெறும் அனுமானம். எவ்வளவு தப்பினால் பலன் கரையும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அன்று நான்காண்டு யீல்டு 1.52இலிருந்து சுமார் 2.47 வரை ஏறினால்தான் மொத்தப் பலனும் கரைந்திருக்கும், ஏறக்குறைய 0.95 புள்ளி இடைவெளி. 2024 முடிவில் அந்த இடைவெளி 0.12தான். ஒரு பணவீக்கப் புள்ளிவிவரம் வெளியாகும் நாளிலேயே அது காலியாகலாம்.

2011இல் கோடு அசைந்தது, ஆனால் கீழ்நோக்கி. ஃபெடரல் ரிசர்வ் அந்த ஆகஸ்டில், குறைந்தது 2013 நடுப்பகுதி வரை வட்டி மிகக் குறைவாகவே இருக்கக்கூடும் என்று அறிவித்தது. அந்த ஆண்டு முடிவில் நான்காண்டு யீல்டு சுமார் 0.60. வருமானம் ஏழரை சதவீதத்தைத் தொட்டது. அதில் 3.90 மட்டுமே வளைகோட்டின் வடிவம் தந்தது. மீதி வட்டி இறங்கியதால் வந்த அதிர்ஷ்டம். அடுத்த ஆண்டுக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.