ஒரே பேட்டரி, மூன்று கொள்ளளவு

சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா போனின் விளம்பரத்தில் பேட்டரி 5000 எம்.ஏ.எச். என்று பெரிதாக இருக்கும். அதே நிறுவனத்தின் விவரப் பக்கத்தில், பொடி எழுத்தில் 4855 என்று இன்னொரு எண் வரும். இரண்டுமே உண்மைதான். முதலாவது 'டிபிக்கல்', அதாவது சோதித்த பேட்டரிகளின் சராசரியை ஒட்டிய மதிப்பு. இரண்டாவது 'ரேட்டட்', அதாவது குறிப்பிட்ட நிபந்தனைகளில் கிடைக்கும் என்று நிறுவனம் பொறுப்பேற்கும் அளவு.

ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில் உருவான பேட்டரிகளும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. மின்முனைகளில் பூசப்படும் வேதிப்பொருளின் தடிமன் மயிரிழை மாறினாலும் கொள்ளளவு மாறும். பெரும்பாலானவை சராசரியை ஒட்டி நிற்கும், சில கீழே இறங்கும். எவ்வளவு இறங்கினாலும் இதற்குக் கீழே போகாது என்று சொல்லும் எண்தான் 'மினிமம்'.

இந்த எண்களுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க, பானசோனிக்கின் என்.சி.ஆர்.18650பி என்ற உருளை செல்லின் தகவல் தாள் நல்ல உதாரணம். டார்ச் லைட், பவர் பேங்க், மின்சார சைக்கிள் என்று பல இடங்களில் இருக்கும் செல் இது. அதன் தாளில் கொள்ளளவு மூன்று இடத்தில் வருகிறது: ரேட்டட் 3200, மினிமம் 3250, டிபிக்கல் 3350. கடைகளில் இதையே 3400 என்று விற்கிறார்கள்.

ரேட்டட், மினிமம் இரண்டும் உத்தரவாதம் என்றால் ஏன் 50 வித்தியாசம்? விடை அடிக்குறிப்பில் இருக்கிறது. 3200 என்பது 20 டிகிரி செல்சியஸில், மற்ற இரண்டும் 25 டிகிரியில். ஐந்து டிகிரி குளிர்ந்தாலே செல்லுக்குள் அயனிகளின் ஓட்டம் மந்தமாகி, வெளியே வரும் மின்சாரம் குறைகிறது. எண்ணைப் படிப்பவர் அதன் தோளில் தொங்கும் சின்னக் குறியீட்டையும் தேடிப் படிக்கவேண்டியது இதனால்தான்.

வெப்பநிலையோடு கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, எவ்வளவு வேகமாக மின்சாரம் எடுத்தார்கள் என்பது. கொள்ளளவுச் சோதனையில் வழக்கமான வேகம் 0.2 சி, அதாவது முழு செல்லும் ஐந்து மணி நேரத்தில் காலியாகும் வேகம். இந்த செல்லுக்கு அது ஏறக்குறைய 670 மில்லி ஆம்பியர். இன்னொன்று, எந்த வோல்டேஜில் நிறுத்தினார்கள் என்பது. இந்தத் தாளின் வரைபடங்கள் 2.5 வோல்ட் வரை இறங்குகின்றன.

பிரகாசமான டார்ச் ஒன்று இதே செல்லில் 3 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செல்லின் உள்தடையில் ஒரு பங்கு வோல்டேஜ் விழுந்துவிடும். டார்ச்சின் சுற்று 3 வோல்ட்டிலேயே அணைத்துவிடும் வகை என்றால், செல்லில் மின்சாரம் மிச்சமிருக்கும்போதே வெளிச்சம் போய்விடும். சில நிமிடம் சும்மா வைத்துவிட்டு மறுபடி அழுத்தினால் எரியும். செல் தீரவில்லை, வோல்டேஜ்தான் தற்காலிகமாகத் தாழ்ந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

கொள்ளளவு அளக்கும் சார்ஜரில் புது செல்லைப் போட்டுப் பார்த்து, 3150 காட்டுகிறதே, ஏமாந்துவிட்டோமோ என்று பதறுபவர்கள் உண்டு. பல சார்ஜர்கள் 2.8 வோல்ட்டில் நிறுத்திவிடுகின்றன. அறை குளிர்ந்திருந்தாலும் கணக்கு குறையும். தாளின் நிபந்தனைகளில் அளந்த பிறகும் 3250-க்குக் கீழே வெகுவாக இறங்கினால்தான் செல் பழையதா, வேறு எதன் மீதாவது உறை மாற்றியதா என்று சந்தேகிக்க வேண்டும்.

பல செல்களைக் கோர்க்கும்போது மினிமம் எண்ணின் அருமை தெரியும். 36 வோல்ட் சைக்கிள் பேட்டரிக்கு, நாலு நாலாக இணைத்த பத்துத் தொகுதிகளை வரிசையாகக் கோர்க்கலாம். 3400 என்று நம்பினால் 13.6 ஆம்பியர் மணி, சுமார் 490 வாட் மணி. 3250 என்று எடுத்தால் 13 ஆம்பியர் மணி, 468 வாட் மணி. வரிசையில் எந்தத் தொகுதி முதலில் தாழ்கிறதோ அப்போதே பாதுகாப்புச் சுற்று மொத்தத்தையும் துண்டித்துவிடும். ஆகவே சராசரியை நம்பித் தூரம் கணக்கிடுவது சரிவராது. மேட்டில் 10 ஆம்பியர் இழுத்தால் ஒவ்வொரு செல்லின் பங்கும் 2.5 ஆம்பியர், சோதனை வேகத்தைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. அந்த 468-ம் முழுதாகக் கிடைக்காது.

இதே அளவு செல்லில் 9900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டு விற்பவை தனி ரகம். இந்த உருவத்தில் நல்ல நிறுவனங்களின் செல்களே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. போலிக்கு வெப்பநிலை, வேகம், நிறுத்தும் வோல்டேஜ் எதையும் சொல்லும் தாள் இருக்காது. அசலின் எடை, தாளின்படி அதிகபட்சம் 48.5 கிராம். சமையலறைத் தராசில் வைத்தால் 30 கிராம்கூட இல்லை என்றால், உள்ளே அவ்வளவு மின்சாரத்தைத் தேக்கும் பொருளே இல்லை.