செல்லாத நிலையில் சிக்கும் சிப்

ஆலையில் ஒரு மோட்டார் டிரைவ் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒருநாள் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் அசைவே இருக்காது. கோளாறு விளக்காவது எரிகிறதா என்றால் அதுவும் இல்லை. மெயினை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் எதுவுமே நடக்காதது போல ஓடத் தொடங்கிவிடும். எலெக்ட்ரீஷியன் வயரையெல்லாம் இழுத்துப் பார்ப்பார், ஒன்றும் கிடைக்காது. இதற்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் அந்த டிரைவை ஓட்டுவது எஃப்பிஜிஏ என்ற சிப்பாக இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு.

எஃப்பிஜிஏ என்பது வாங்கிய பிறகு நாமே உள்சுற்றை அமைத்துக்கொள்ளும் சிப். அதற்குள் இரண்டு பொருள்கள் ஏராளமாக இருக்கின்றன. ஒன்று ஃப்ளிப்ஃப்ளாப், 0 அல்லது 1 என ஒரே ஒரு பிட்டை நினைவில் வைத்து, கிளாக் துடிக்கும்போது மட்டும் அதை மாற்றிக்கொள்ளும். மற்றொன்று லுக்அப் டேபிள். உள்ளே வரும் சில பிட்களைப் பார்த்து விடையாக ஒரு பிட் தரும். இந்த இரண்டையும் கோத்துத்தான் ‘இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறேன், அடுத்து எங்கே போக வேண்டும்’ என்று அறிந்து நடக்கும் ஸ்டேட் மெஷினைக் கட்டுகிறார்கள்.

நம் டிரைவுக்கு ஐந்து நிலைகள் போதும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஓய்வு. அடுத்து முன்மின்னேற்றம்: 415 வோல்ட் மூன்று ஃபேஸைத் திருத்தினால் 580 வோல்ட்டுக்கு மேல் டிசி வரும், அதைக் காலியான பெரிய கெப்பாசிட்டரில் நேரடியாகக் கொடுத்தால் ஃபியூஸ் போய்விடும் என்பதால், ஒரு ரெசிஸ்டர் வழியாக மெல்ல ஏற்றுவார்கள். வோல்டேஜ் போதுமான அளவு ஏறியதும் மெயின் கான்டாக்டர் மூடி, ‘தயார்’ நிலை வரும். ஸ்டார்ட்டை அழுத்தினால் ‘ஓட்டம்’. எங்காவது தவறு நேர்ந்தால் ‘கோளாறு’.

இந்த ஐந்தையும் பிட்களில் எழுத இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. பைனரி முறையில் மூன்று ஃப்ளிப்ஃப்ளாப் போதும்: ஓய்வு 000, முன்மின்னேற்றம் 001, தயார் 010, ஓட்டம் 011, கோளாறு 100. ஒன்-ஹாட் முறையில் நிலைக்கு ஒரு ஃப்ளிப்ஃப்ளாப் என ஐந்து. எந்த நேரமும் ஒன்று மட்டும் 1 ஆக இருக்கும். ஓய்வு 00001, முன்மின்னேற்றம் 00010, தயார் 00100 என்று இடம் நகர்ந்துகொண்டே போகும்.

ஐந்து பிட்டை வீணாக்குகிறோமே என்று தோன்றலாம். எஃப்பிஜிஏவில் அது வீண் அல்ல. சைலிங்ஸ் 7 வரிசைச் சிப்பில் ஒரு ஸ்லைஸுக்கு நான்கு லுக்அப் டேபிள், எட்டு ஃப்ளிப்ஃப்ளாப். ஃப்ளிப்ஃப்ளாப்புக்குப் பஞ்சமே இல்லை. அதோடு ஒன்-ஹாட்டில் ‘தயார் நிலையில் இருக்கிறேனா’ என்று கேட்க ஒரு பிட்டைப் பார்த்தால் போதும். இடையில் உள்ள சுற்று சிறிதாகி வேகம் கூடுகிறது. அதனால்தான் சின்தசிஸ் மென்பொருள், நாம் பைனரியில் எழுதிக் கொடுத்தாலும், பல சமயம் தானாகவே ஒன்-ஹாட்டாக மாற்றிவிடுகிறது.

மூன்று பிட்டில் எட்டுக் கோலங்கள் அமையும். ஐந்து நமக்கு, மீதி மூன்று செல்லாதவை. ஐந்து பிட்டில் 32 கோலங்கள்; ஐந்து போக 27 செல்லாதவை. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் பைனரிதான் பத்திரம் என்று சொல்லிவிடுவார்கள். அது தவறான கணக்கு. ஏன் என்பதற்கு, செல்லாத நிலைக்குள் மெஷின் எப்படிப் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

கெப்பாசிட்டர் நிறைந்துவிட்டது என்று சொல்லும் சிக்னல் வெளியே ஒரு கம்பேரேட்டரிலிருந்து வருகிறது. அதன் பெயர் `vdc_ok` என்று கொள்வோம். சிப்பின் கிளாக்கோடு அதற்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. எந்த நொடியிலும் வரும். கோளாறுக்கான பகுதியை விட்டுவிட்டால் ஒன்-ஹாட்டில் இரண்டு பிட்களின் சமன்பாடு இப்படி இருக்கும்:

```verilog
pre_next   = (off & main_on) | (pre   & ~vdc_ok);
ready_next = (pre & vdc_ok)  | (ready & ~start);
```

ஒரே சிக்னல் இரண்டு ஃப்ளிப்ஃப்ளாப்புக்குப் போகிறது. சிப்புக்குள் இரண்டு பாதைகளும் ஒரே நீளமாக இருக்காது. வித்தியாசம் அரை நானோ விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளாக் 50 மெகாஹெர்ட்ஸ் என்றால் துடிப்புக்குத் துடிப்பு 20 நானோ விநாடி. அப்படியானால் ஏறத்தாழ நாற்பது முறைக்கு ஒரு முறை, சிக்னல் ஒரு ஃப்ளிப்ஃப்ளாப்பை எட்டி மற்றதை எட்டாத அந்த இடுக்கில் கிளாக் துடித்துவிடும்.

`pre` பிட்டுக்குச் சிக்னல் முந்தி வந்திருந்தால் அது 0 ஆகிவிடும். `ready` பழைய மதிப்பையே பார்த்து 0 ஆகவே நிற்கும். இப்போது மெஷின் 00000. மேலே உள்ள சமன்பாடுகளைப் பாருங்கள்: ஒவ்வோர் உறுப்பிலும் ஏதாவது ஒரு நிலைப் பிட் பெருக்கப்படுகிறது. எல்லாம் 0 என்றால் அடுத்த துடிப்பிலும் எல்லாம் 0. ஸ்டார்ட்டை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. கோளாறு பிட்டும் 0 என்பதால் விளக்கும் எரியாது. ரீசெட் வரும்வரை இதற்கு மீட்சி இல்லை.

மாறாக `ready`க்குச் சிக்னல் முந்தி வந்தால் 00110: இரண்டு நிலைகளும் ஒன்றாக உயிரோடு இருக்கும். இது பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், `vdc_ok` தொடர்ந்து 1 ஆகவே இருந்தால் அடுத்த துடிப்பிலேயே `pre` அணைந்து மெஷின் தானே தெளிந்துவிடும். எந்தப் பாதை நீளம் என்பதை சிப்பில் வயரிங் அமைந்த விதம் தீர்மானிக்கிறது. அதனால் டிசைனில் சம்பந்தமில்லாத ஒரு மூலையை மாற்றிக் கம்பைல் செய்தாலும் கோளாறு ‘மறைந்து’விடும். ஆறு மாதம் கழித்து வேறொரு மாற்றத்தில் திரும்பி வரும்.

இதே சங்கதி பைனரியில் நடந்தால் என்ன ஆகும்? 001-லிருந்து 010-க்குப் போக இரண்டு பிட்கள் மாற வேண்டும. ஒன்று மாறி ஒன்று மாறாமல் போனால் 000 அல்லது 011. இரண்டுமே செல்லும் நிலைகள்! அதிலும் 011 என்பது ஓட்டம். யாரும் ஸ்டார்ட்டை அழுத்தாமலே மோட்டார் சுழலத் தொடங்கும். செல்லாத நிலைகளைப் பிடிக்க எவ்வளவு நல்ல காவல் போட்டிருந்தாலும் இது சிக்காது, ஏனென்றால் இது செல்லாத நிலையே அல்ல. ஒன்-ஹாட்டில் எந்த ஒரு பிட் தவறினாலும் செல்லாத கோலம்தான் வரும்; கண்டுபிடித்துவிடலாம். 27 செல்லாத நிலைகள் இருப்பது அதன் பலவீனம் அல்ல, பலம். ஆனால் அந்தப் பலம், யாராவது காவலுக்கு இருந்தால் மட்டும்தான்.

காவல் இருக்கிறது என்றுதான் பெரும்பாலானோர் நம்புகிறார்கள். `case` எழுதி, கடைசியில் `default` போட்டு, ‘வேறு எந்த நிலை வந்தாலும் கோளாறுக்குப் போ’ என்று எழுதியிருப்பார்கள். சின்தசிஸ் மென்பொருள் அதைப் படிக்கும் விதம் வேறு. ஐந்து நிலைகளிலிருந்தும் போகும் வழிகளைத் தொடர்ந்து பார்க்கும். ஆறாவது நிலைக்கு வழியே இல்லை என்று தெரிந்துகொள்ளும். வரவே முடியாத நிலைக்கு எதற்குச் சுற்று என்று அந்த வரியை நீக்கிவிடும். எழுதப்பட்ட தர்க்கத்தின்படி அது செய்வது சரி. பாதைத் தாமதம் என்ற ஒன்று அந்தத் தர்க்கத்தில் இல்லை. எழுதிய கோடை மட்டும் ஓட்டும் சிமுலேஷனிலும் அந்தத் தாமதம் இல்லாததால் அங்கும் எல்லாம் சரியாகவே ஓடும்.

ஆகவே காவலை விட்டுவை என்று தனியாகச் சொல்ல வேண்டும். விவாடோவில் இப்படி:

```verilog
(* fsm_safe_state = "default_state" *)
reg [2:0] state;
// ...
default: state <= FAULT;
```

`reset_state` என்று கொடுத்தால் செல்லாத நிலையிலிருந்து ரீசெட் நிலைக்குப் போகும். `auto_safe_state` என்றால் ஹாமிங் முறையில் குறியீடு அமைத்து, ஒரு பிட் தவறினால் அதைத் திருத்திக்கொண்டு மெஷின் நடந்துகொண்டே இருக்கும். நம் ஐந்து நிலைக்கு இதன் விலை மிகக் குறைவு. ‘சரியாக ஒன்றுதான் 1 ஆக இருக்கிறதா’ என்ற சோதனை ஆறு உள்ளீடு கொண்ட ஒரே லுக்அப் டேபிளில் அடங்கும். நாற்பது நிலை கொண்ட மெஷினில் அந்தச் சோதனை பெரிதாகி வேகத்தையும் குறைக்கும். அங்கே யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

மீட்டு எங்கே அனுப்புவது என்பதை மென்பொருள் தீர்மானிக்க முடியாது. ஓய்வு நிலைக்கு அனுப்பினால் நம் டிரைவில் `main_on` இன்னும் 1 ஆக இருப்பதால் உடனே மறுபடி முன்மின்னேற்றம் தொடங்கும். கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் எப்போதோ ஒரு முறை சூடாவதற்கென்று போட்ட ரெசிஸ்டர் எரிந்துபோகும். நடந்தது யாருக்கும் தெரியாது. கோளாறு நிலைக்குப் போய், கான்டாக்டரைத் திறந்து, விளக்கை எரியவிட்டு, மனிதர் வந்து பார்க்கும்வரை நிற்பதே இந்த இயந்திரத்துக்குப் பாதுகாப்பு. பறந்துகொண்டிருக்கும் ஒன்றின் மோட்டாருக்கு இதே விடை பொருந்தாது. அது நடுவானில் நிற்கக் கூடாது.

காவல் போட்டாயிற்று என்று மூலத்தை மறந்துவிடவும் கூடாது. `vdc_ok`, `start` போன்ற வெளிச் சிக்னல் ஒவ்வொன்றையும் அடுத்தடுத்த இரண்டு ஃப்ளிப்ஃப்ளாப் வழியாகக் கிளாக்கோடு இணைத்த பிறகே ஸ்டேட் மெஷினுக்குள் விட வேண்டும். பிறகு எல்லாப் பிட்டும் ஒரே செய்தியையே பார்க்கும். ரீசெட்டை விடுவிக்கும் கணத்துக்கும் இதே விதிதான். அது ஒரு பிட்டை ஒரு துடிப்பு முன்னதாக விடுவித்தாலும் 00000 வந்துவிடும்.

தொடக்கக் கணம் எவ்வளவு கொடியது என்பதற்கு நாசாவின் வயர் விண்தொலைநோக்கி சாட்சி. 1999 மார்ச்சில் ஏவப்பட்ட அதில், மின்சாரம் கொடுத்த முதல் கணங்களில் எஃப்பிஜிஏவின் வெளியீடுகள் கட்டுப்பாட்டுக்குள் வருவதற்கு முன்பே தொலைநோக்கியின் மூடி வெடித்துக் கழன்றுவிட்டது. கருவியைக் குளிர்விக்க வைத்திருந்த உறைந்த ஹைட்ரஜன் சீக்கிரமே ஆவியாகிப் போய், முக்கிய ஆய்வு நடக்காமலே போயிற்று.

இவை எல்லாவற்றுக்கும் பிறகும் ஒரு எல்லை உண்டு. விண்ணிலிருந்து வரும் துகள் நிலைப் பிட்டைத் தட்டினால் காவல் பிடிக்கும். ஆனால் எஸ்ரேம் வகை எஃப்பிஜிஏவில் அந்தக் காவல் சுற்றே நினைவகப் பிட்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. துகள் அங்கே தட்டினால் சுற்றே மாறிவிடும். அதைச் சரிபார்த்துத் திருத்தத் தனி ஏற்பாடு வேண்டும்.

இந்தத் துறையில் வேலை செய்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை கம்பைல் ஆனதும் சின்தசிஸ் அறிக்கையைத் திறந்து `New Encoding` என்ற பத்தியைப் பாருங்கள். நீங்கள் எழுதிய குறியீடு அங்கே இருக்கிறதா என்று தெரியும். பிறகு சோதனைப் பலகையில், நிலைப் பிட் ஒன்றை வேண்டுமென்றே புரட்டும் ஒரு பட்டனை வைத்து, டிரைவ் ஓடும்போது அழுத்திப் பாருங்கள். கோளாறு விளக்கு எரியாவிட்டால் அந்த டிசைன் வாடிக்கையாளரிடம் போகக் கூடாது.