இரண்டு வருடத்தில் திரும்பும் முதல்

திருப்பூர்ப் பக்கம் ஓர் அண்ணனும் தம்பியும் நூல்காரர்களுக்கு ஜாப் ஒர்க்காகத் துணி நெய்து கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் 10 லட்சம் ரூபாய் இருக்கிறது. அந்தப் பணத்துக்குப் பழைய நிட்டிங் மெஷின் இரண்டு வாங்கலாம். இல்லை, புதிதாக ஒன்று வாங்கலாம்.

“பழசு ரெண்டைப் போட்டா ரெண்டே வருசத்துல போட்ட காசு திரும்பிருமுங்ணா” என்கிறார் தம்பி. “புதுசுன்னா மூணு வருசம் தாண்டிரும்.”

தம்பி சொல்வது பொய்யில்லை. கூலி, கரண்ட், ரிப்பேர், வரி எல்லாம் போகக் கைக்கு நிற்கும் பணத்தை அவர் இப்படி எழுதி வைத்திருக்கிறார் (கணக்குப் புரிவதற்காக நாம் வைத்துக்கொண்ட எண்கள் இவை):

| வருடம் | பழைய மெஷின்கள் | புதிய மெஷின் |
|---|---|---|
| 1 | 5 லட்சம் | 3 லட்சம் |
| 2 | 5 லட்சம் | 3 லட்சம் |
| 3 | 3 லட்சம் | 3 லட்சம் |
| 4 முதல் 7 வரை | இல்லை | வருடத்துக்கு 3 லட்சம் |

பழைய இரண்டும் முதல் இரண்டு வருடம் நன்றாக ஓடும், மூன்றாம் வருடம் திணறும், பிறகு காயலான் கடைக்குப் போகும். புதியது நிதானமாக ஏழு வருடம் ஓடும். போட்ட முதல் கைக்கு வந்து சேர எத்தனை வருடம் என்று எண்ணுவதை பேபேக் காலம் என்பார்கள். தமிழில் மீட்புக் காலம். பழையவற்றுக்கு அது சரியாக 2 வருடம். புதியதற்கு 3 வருடம் 4 மாதம். எது சீக்கிரம் திரும்புகிறதோ அதை எடு என்பது விதியானால் தம்பி ஜெயித்துவிட்டார்.

ஆனால் இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, இன்றைய ரூபாயையும் இரண்டு வருடம் கழித்து வரும் ரூபாயையும் அது ஒன்றாக எண்ணுகிறது. முதல் வருடம் 5 லட்சம், அடுத்த வருடம் 5 லட்சம் வந்தாலும், முதல் வருடம் 1 லட்சமும் அடுத்த வருடம் 9 லட்சமும் வந்தாலும் அதற்கு ஒன்றுதான். இரண்டுக்கும் மீட்புக் காலம் 2 வருடம். கடனுக்கு வட்டி கட்டுகிறவருக்கு அந்த இரண்டும் ஒன்றல்ல.

இதைச் சரிசெய்ய வந்ததுதான் டிஸ்கவுண்டட் பேபேக், அதாவது வட்டி கழித்த மீட்புக் காலம். அண்ணன் தம்பிக்கு வங்கி 12 சதவீத வட்டிக்குக் கடன் கொடுக்கும் என்று வைப்போம். இன்று 100 ரூபாய் கொடுத்தால் அடுத்த வருடம் 112 ஆகும். அதையே திருப்பிப் பார்த்தால், அடுத்த வருடம் வரப்போகும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 89 ரூபாய் சொச்சம். இரண்டாம் வருடத்து 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 80, மூன்றாம் வருடத்துக்கு 71. ஒவ்வொரு வருடத் தொகையையும் இப்படி இன்றைய மதிப்புக்குக் குறைத்துவிட்டு, அந்தக் குறைத்த தொகைகள் கூடி எப்போது 10 லட்சத்தைத் தொடுகின்றன என்று பார்க்க வேண்டும்.

பழைய மெஷின்கள் முதல் இரண்டு வருடத்தில் கொடுக்கும் 10 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 8.45 லட்சம்தான். மீதி 1.55 லட்சத்துக்கு மூன்றாம் வருடத்திலும் ஒன்பது மாதம் ஓட வேண்டும். ஆக, தம்பி சொன்ன 2 வருடம் 2 வருடம் 9 மாதமாக நீளுகிறது. புதியது நான்கு வருட முடிவில் 9.11 லட்சம் கொடுத்திருக்கும். நாலரை வருடத்தில் 10 லட்சத்தைத் தொடும். இப்போதும் தம்பி பக்கம்தான் காற்று.

வட்டியைக் கழித்தும் தீர்ப்பு மாறாததற்குக் காரணம் இரண்டாவது ஓட்டை. முதல் திரும்பிய நாளோடு இந்த இரண்டு முறைகளும் நோட்டை மூடிவிடுகின்றன. அதற்குப் பிறகு மெஷின் என்ன சம்பாதித்தது என்பது கணக்கிலேயே வராது. புதிய மெஷின் ஏழு வருடத்துக்குப் பதில் இருபது வருடம் ஓடினாலும் அதன் மீட்புக் காலம் அதே நாலரை வருடம்தான். பின்னால் வரும் செலவும் இதே மாதிரி கண்ணில் படாது. ஒரு கல் குவாரி சீக்கிரமே முதலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைசியில் குழியை மூடப் பெரிய தொகை செலவாகுமானால், மீட்புக் காலத்தில் அது தெரியாது.

நிகர நிகழ்கால மதிப்பு என்ற முறை நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டுகிறது. கடைசி வருடம் வரை வரும் பணத்தையும் போகும் பணத்தையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டி, போட்ட முதலைக் கழிப்பதுதான் அது. பழைய மெஷின்கள் மூன்று வருடத்திலும் கொடுப்பதற்கு இன்றைய மதிப்பு சுமார் 10.59 லட்சம். முதல் 10 லட்சம் போக நிற்பது 59 ஆயிரம். புதியது ஏழு வருடத்தில் கொடுப்பதற்கு இன்றைய மதிப்பு 13.69 லட்சம். நிற்பது 3.69 லட்சம்.

தம்பி இதை விட்டுவிட மாட்டார். “மூணு வருசத்துல பழசு போச்சுன்னா மறுபடி ரெண்டு பழசு வாங்கிப் போட்டுக்கறேன். மூணு வருசத்தையும் ஏழு வருசத்தையும் எப்படி ஒப்பிடறது?” நியாயமான கேள்வி. அதற்கு, நிற்கும் தொகையை அதே 12 சதவீத வட்டிக் கணக்கில் மெஷின் ஓடும் வருடங்களுக்குப் பங்கிட வேண்டும். பழையதில் வருடத்துக்குச் சுமார் 24 ஆயிரம் வருகிறது. புதியதில் 81 ஆயிரம். பழசை மறுபடி மறுபடி அதே விலைக்கு, அதே வருமானத்துக்கு வாங்கிப் போட முடிந்தாலும் புதியதை எட்டிப் பிடிக்க முடியாது.

வட்டி 12 இல்லாமல் 20 சதவீதமாக இருந்தால்? பின்னால் வரும் பணம் இன்னும் சுருங்கும்; ஆகவே பழையதுக்குச் சாதகம் என்று தோன்றும். போட்டுப் பார்த்தால் பழையது 62 ஆயிரம் நஷ்டத்தில் நிற்கிறது, புதியது 81 ஆயிரம் மிச்சம் காட்டுகிறது. வட்டியே போடாத மீட்புக் காலமோ கடன் 12 சதவீதமானாலும் 20 ஆனாலும் “2 வருடம்” என்றேதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் மீட்புக் காலத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. நிகர நிகழ்கால மதிப்பு காட்டும் 3.69 லட்சம் ஏழாம் வருடம் வரை மாதாமாதம் ஆர்டர் வரும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அந்த நம்பிக்கை எந்த இடத்தில் உடைந்தால் நஷ்டம் என்று அந்த ஒற்றை எண் சொல்வதில்லை. நாலரை வருடம் என்ற எண் அதைச் சொல்கிறது. புதிய மெஷினுக்கு நான்கு வருடத்தோடு வேலை நின்றுபோனால் இன்றைய மதிப்பில் 89 ஆயிரம் கையைக் கடிக்கும். ஐந்து வருடம் ஓடினாலே 81 ஆயிரம் மிஞ்சும்.

எதை வாங்குவது என்பதை நிகர நிகழ்கால மதிப்பிடம் கேட்டுவிட்டு, வாங்கப்போவது எத்தனை வருடம் ஓடியாக வேண்டும் என்பதை வட்டி கழித்த மீட்புக் காலத்திடம் கேட்கலாம். அண்ணன் தம்பிக்குள் இனி நடக்க வேண்டிய பேச்சு பழசா புதுசா என்பது இல்லை. இந்த ரகத் துணிக்கு இன்னும் ஐந்து வருடம் ஆர்டர் இருக்குமா, நூல்காரர் நம்மை விட்டுப் போகாமல் இருப்பாரா என்பதுதான்.