பேப்பர் போட்டாச்சு... முதலில் யாரிடம் சொல்வது?

2021 நவம்பர் 29. ட்விட்டரின் தலைமைச் செயல் அதிகாரி ஜாக் டோர்சி விலகப்போகிறார் என்ற செய்தியை நிறுவனத்துக்கு முன்பே சிஎன்பிசி தொலைக்காட்சி சொல்லிவிட்டது. பங்கு விலை எகிறியது. வர்த்தகத்தையே சிறிது நேரம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஆனால் அன்றே டோர்சி ஊழியர்களுக்கு எழுதிய கடிதம் வெளிவந்தது. அடுத்து வருபவர் பராக் அகர்வால் என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. ‘யார் வரப்போகிறார்’ என்ற ஊகம் வளர இடமே இல்லாமல் போனது.

பெரிய நிறுவனத்திலிருந்தே செய்தி கசிகிறது என்றால் சாதாரண அலுவலகத்தில் கேட்கவே வேண்டாம். முதல் ஆளுக்குத் தெரிவதற்கும் கடைசி ஆளுக்குத் தெரிவதற்கும் நடுவே எத்தனை நாள் ஓடுகிறதோ, அத்தனை நாளும் வதந்திக்குச் சொந்தம். விலகுபவர் குறைக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவன மேலாளரை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர் கொண்ட குழு, மூன்று வாடிக்கையாளர்கள், 90 நாள் நோட்டீஸ். புதிய இடத்தின் ஆஃபர் லெட்டர் எழுத்தில் கைக்கு வரும்வரை அவர் அலுவலகத்தில் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. பத்து வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து டீ குடிக்கும் நண்பரும் இதில் அடக்கம். நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். மேலதிகாரி அவரிடம் நேராகக் கேட்டால், பொய் சொல்வதா காட்டிக்கொடுப்பதா என்ற சங்கடத்தில் அவரை மாட்டிவிடுவது நியாயமில்லை.

முதலில் தெரிய வேண்டியவர் நேரடி மேலதிகாரி. எச்.ஆர். துறையோ அவருக்கும் மேலே இருப்பவரோ அல்ல. தன் ஆள் போவதை வேறொருவர் வாயால் கேட்கும் அதிகாரிக்கு அது தலைக்குனிவு. ரிலீவிங் தேதியில் விட்டுக்கொடுக்கவும் கவனமாகப் பொறுப்பை மாற்றிக்கொடுக்கவும் அவர் மனம் வைக்க வேண்டும். ஆகவே தனி அறையில் நேரில் சொல்ல வேண்டும். அவர் வெளியூரில் இருந்தால் வீடியோ அழைப்பில். பேசி முடித்த அன்றே கடிதத்தை மின்னஞ்சலில் அவருக்கும் எச்.ஆருக்கும் அனுப்பிவிட வேண்டும். நோட்டீஸ் காலம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்ற தகராறு பின்னால் எழுந்தால், கைகொடுப்பது அந்த மின்னஞ்சல்தான்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கூடுதல் சம்பளம் தருகிறோம், ஒரு வாரம் யோசியுங்கள் என்று மேலிடம் கேட்கும். அந்த வாரம் முழுக்க மூடிய கதவுக்குள் கூட்டங்கள் நடக்கும். குழுவுக்குத் தெரியாமல் இருக்குமா? நாலாவது நாளே ‘சார் பேப்பர் போட்டுட்டார்’ என்பதோடு ‘பிராஜெக்ட் மூடப்போறாங்களாம்’ என்பதும் சேர்ந்துவிடும். முடிவு உறுதியென்றால் முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிவிட்டு, இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும்: குழுவுக்கு அறிவிக்கும் நாள், தன் இடத்துக்கு யார் என்பது. நிரந்தரமாக ஒருவர் முடிவாகாவிட்டால் இடைக்காலப் பொறுப்பாளரின் பெயராவது வேண்டும்.

2017 ஆகஸ்ட் 18 அன்று விஷால் சிக்கா விலகியபோது இன்ஃபோசிஸ் இதைத்தான் செய்தது. அதே அறிவிப்பில் பிரவீன் ராவை இடைக்காலத் தலைவராக்கியது. அப்படியும் அன்று பங்கு விலை ஏறக்குறைய பத்து சதவீதம் சரிந்தது. நிறுவனருடன் நீண்ட நாள் இருந்த கருத்து மோதல் ஏற்கெனவே ஊரறிந்த செய்தி. அறிவிப்பு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், பழைய சந்தேகத்தை அது ஒரே நாளில் துடைத்துவிடாது.

அறிவிக்கும் நாளில் முதலில் குழு, அடுத்து வாடிக்கையாளர்கள். இரண்டும் ஒரே நாளுக்குள் முடிவது நல்லது. குழுவினர் தங்கள் மேலாளர் போகும் செய்தியை வாடிக்கையாளர் வாயால் கேட்கக் கூடாது. காலையில் பன்னிரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து, கடைசி வேலை நாள், பொறுப்பேற்பவர், அவரவர் விடுப்பையும் மதிப்பீட்டையும் இனி யார் பார்ப்பார் என்று சொன்னால் போதும். மனக்குறைகளைக் கொட்டும் இடம் அது அல்ல.

வாடிக்கையாளரிடம் மேலாளர் தனியாகப் பேசக் கூடாது. நிறுவனத்தின் ஒப்புதலோடு, பொறுப்பேற்பவரையும் அழைப்பில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். வாடிக்கையாளரைக் கையோடு அழைத்துச் செல்லக் கூடாது என்ற நிபந்தனை பல வேலை ஒப்பந்தங்களில் உண்டு. போகும் இடத்தின் பெயரைச் சொல்வதேகூட அழைப்பு விடுப்பதாகப் படலாம். எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த கெடு எப்போது, யாரை அழைக்க வேண்டும் என்பதை அன்று மாலையே எழுத்தில் அனுப்பிவிட்டால் அவர்களின் முக்கியக் கவலை தீரும்.

திட்டமிட்ட நாளுக்கு முன்பே யாராவது வந்து ‘போறீங்களாமே?’ என்று கேட்டால் மறுக்கக் கூடாது. மூன்று நாள் கழித்து உண்மை தெரியும்போது, அதற்குப் பிறகு அவர் சொல்லும் எதையும் குழு நம்பாது. ‘இப்ப அதைப் பத்திப் பேச முடியாது, சொல்ல வேண்டிய நேரத்தில் நானே சொல்றேன்’ என்று நிறுத்திக்கொண்டு, அடுத்த பத்து நிமிடத்தில் மேலதிகாரியைப் பார்த்து அறிவிப்பை அன்றைக்கே முன்நகர்த்தக் கேட்க வேண்டும்.