52இல் 27 போனால்?

மூன்றாம் வகுப்புப் பாடக்குறிப்பேடு எதைப் புரட்டினாலும் இந்த வரி கண்ணில் படும்: ‘மாணவர்கள் கழித்தலைப் புரிந்துகொள்வர்.’ பார்வையிட வரும் அதிகாரி அதில் குறை காண மாட்டார். ஆனால் பாடவேளை முடிந்து மணி அடிக்கும்போது யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று அந்த வரியை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. புரிதல் தலைக்குள் நடப்பது. ஆசிரியர் கண்ணுக்கு எட்டுவது பிள்ளை செய்வதும் சொல்வதும் எழுதுவதும்தான்.

அமெரிக்கரான ராபர்ட் மேகர் 1962இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்றில் இதற்கு வழி சொன்னார். கற்பவர் என்ன செய்து காட்ட வேண்டும், எதை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும், எவ்வளவு சரியாகச் செய்தால் போதும் என்ற மூன்றும் நோக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். இதைக் கடன் வாங்கிக் கழித்தலுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

52இல் 27ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். இரண்டில் ஏழு போகாது. அதனால் ஏழிலிருந்து இரண்டை எடுத்துவிடுகிறார்கள். கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. பெரியதிலிருந்து சிறியதை எடு என்று தாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டு, கணக்குக்குக் கணக்கு அதையே பின்பற்றுகிறார்கள். இந்த இடத்தைத்தான் நோக்கம் குறிவைக்க வேண்டும். ‘ஒன்றுகள் போதாத ஈரிலக்கக் கழித்தலில் ஒரு பத்துக் கட்டைப் பிரித்து விடை காண்பர், முதலில் குச்சிகளை வைத்தும், பிறகு குச்சியில்லாமல் நோட்டிலும் செய்து காட்டுவர், ஐந்து கணக்குகளில் நான்காவது சரியாக இருக்கும்.’

இப்படி எழுதியதும் எந்த ஐந்து கணக்கு என்ற கேள்வி வந்து நிற்கும். என் கணிப்பில் பலரும் சறுக்குவது இங்கேதான். 75இலிருந்து 32, 48இலிருந்து 15 என்று கொடுத்தால், கடன் வாங்கவே தெரியாத பிள்ளையும் முழு மதிப்பெண் வாங்கிவிடும். ஐந்தில் நான்கு கணக்காவது கடன் கேட்பதாக இருக்க வேண்டும். ஐந்தாவதாக 58இலிருந்து 23 போன்ற, கடன் தேவைப்படாத ஒன்று. புதிதாகக் கற்ற ஆர்வத்தில் சிலர் இங்கும் ஒரு பத்தைப் பிரிப்பார்கள். பதினெட்டில் மூன்று போக 15, மிச்சமுள்ள நாலில் இரண்டு போக 2, ஆக 215 என்று எழுதி வைப்பார்கள். கழித்த பிறகு எண் பெரிதாகிவிட்டதே என்ற சந்தேகம்கூட வராது. இந்தப் பிள்ளைக்கும் ஐந்தில் நான்கு சரிதான்! அதனால் ‘இந்த ஒன்று கட்டாயம் சரியாக இருக்க வேண்டும்’ என்று நோக்கத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.

இது ஆசிரியரின் குறிப்பேட்டுக்கு. இதையே கரும்பலகையில் எழுதினால் எட்டு வயதுப் பிள்ளை வாய்விட்டு வாசிக்கும், அவ்வளவுதான். பிள்ளைக்கு வேறு வாக்கியம் வேண்டும்: ‘ஒன்றுகள் போதாவிட்டால், ஒரு பத்துக் கட்டை அவிழ்த்து என்னால் கழிக்க முடியும்.’ கட்டு, அவிழ்த்தல் இரண்டும் அதன் கைக்குத் தெரிந்தவை. எழுதியதோடு விடாமல், “இன்னைக்கு என்ன செய்யப் போறோம்? நீ சொல்லு பாப்போம்” என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்க வேண்டும். “கணக்குப் போடப் போறோம் டீச்சர்” என்று மட்டும் பதில் வந்தால் வாக்கியம் போய்ச் சேரவில்லை. “கட்டைப் பிரிக்கப் போறோம்” என்றால் சேர்ந்துவிட்டது.

செயலையே நோக்கமாக எழுதிவிடுவதும் உண்டு. ‘குழுவாகக் குச்சிகளைக் கொண்டு விளையாடுவர்’ என்பது பாடம் நடக்கும் விதம். விளையாட்டு முடிந்த பிறகு பிள்ளைக்கு என்ன கைவந்திருக்கும் என்பது அதில் இல்லை. அதேபோல், பருவம் முழுவதற்குமான கற்றல் விளைவை அப்படியே நகலெடுத்து ஒரு பாடவேளைக்கு வைத்தால் அந்த நாற்பது நிமிடத்தில் எதையும் சோதிக்க முடியாது.

எல்லாப் பாடத்துக்கும் இந்த அச்சு பொருந்திவிடாது. ஒரு பாட்டைக் கேட்டுப் பிள்ளை சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தால், அதை ஐந்துக்கு நான்கு என்று அளக்கப் போவது வீண்வேலை. கணக்கிலும் சரியான விடை முழுச் சாட்சி ஆகாது. ஐந்தை அடித்து நாலு போடும் சடங்கை மட்டும் மனப்பாடம் செய்து விடை கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க, சரியாகப் போட்ட கணக்கையே காட்டி, “இங்க அஞ்சு நாலாயிடுச்சே, அந்தப் பத்து எங்க போச்சு?” என்று கேட்கலாம். “ரெண்டு பன்னெண்டாச்சே, அதுலதான் இருக்கு” என்ற பதில் வந்தால் போதும். “அப்படித்தான் டீச்சர் போடணும்” என்று வந்தால் குச்சிக் கட்டுகளை மறுபடி எடுக்க வேண்டியதுதான். ஒரு வாரம் கழித்து, வேறொரு பாடத்தின் நடுவே, இதே மாதிரி ஒரு கணக்கைப் போடச் சொன்னால் எத்தனை பேரிடம் அது தங்கியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.