மார்கழியில் சூரியன் மிக அருகில்: ஒரு தலைப்பும் ஐந்து வரி விவரமும்

கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது, அதனால்தான் வெயில் கொளுத்துகிறது என்பது பள்ளிப் பிள்ளைகள் பலரும் நம்பும் ஒன்று. படித்துப் பட்டம் பெற்ற பிறகும் இந்த நம்பிக்கை எளிதில் போவதில்லை. 1987இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு வந்திருந்த 23 பேரிடம் பருவகாலம் ஏன் மாறுகிறது அல்லது நிலவு ஏன் வளர்ந்து தேய்கிறது என்று கேட்டுப் படமெடுத்தார்கள். 21 பேரால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

இந்தத் தவறான எண்ணத்தை மாற்ற எழுதப்படும் அறிவியல் கட்டுரையில் முதலில் கண்ணில் படுவது தலைப்பும் அதன் கீழ் வரும் சிறு விவரமும். பல பிள்ளைகள் அதோடு நிறுத்திவிடுவதும் உண்டு. ஆகவே அந்தச் சில வரிகளே தவறை அசைத்துவிட வேண்டும்.

‘பருவகாலங்கள்: ஓர் அறிமுகம்’ என்ற தலைப்பு, தனக்குத் தெரியும் என்று நினைக்கும் பிள்ளையை நிறுத்தாது. ‘கோடையில் சூரியன் அருகில் வருகிறதா?’ என்பதில் இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. ‘ஆமாம்’ என்று மனசுக்குள் பதில் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டும் பிள்ளைக்குப் பழைய எண்ணமே இன்னும் உறுதிப்படும். அந்த எண்ணத்தோடு நேராக மோதும் ஓர் உண்மை தலைப்பில் இருந்தால் நல்லது: ‘மார்கழியில் சூரியன் மிக அருகில், பிறகு ஏன் பனி?’

இது உண்மையே. ஜனவரித் தொடக்கத்தில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி.

அடுத்தது விவரம். ‘அது தவறு’ என்று மட்டும் சொன்னால் பிள்ளையின் மனதில் காரணம் இருந்த இடம் வெற்றிடமாகிவிடும். சில நாளில் பழைய எண்ணமே அங்கே திரும்பி வந்து உட்காரும். சரியான காரணத்தையும் அங்கேயே சொல்லியாக வேண்டும்:

“கோடையில் பூமி சூரியனை நெருங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, மிக நெருங்குவது ஜனவரியில். அப்போது மெல்போர்னில் கோடை, டெல்லியில் குளிர். பூமி சாய்ந்திருப்பதால் ஓரிடத்தில் கதிர்கள் ஏறக்குறைய செங்குத்தாக விழுந்து பகலும் நீள்கிறது. இன்னோரிடத்தில் சரிந்து விழுந்து பகல் குறைகிறது.”

டிசம்பர் கடைசியில் மெல்போர்னில் நடக்கும் கிரிக்கெட் டெஸ்டை வெயிலோடு பார்த்திருக்கும் பிள்ளைக்கு அந்த மூன்றாவது வரி உடனே பிடிபடும். தூரம்தான் காரணம் என்றால் இரு ஊருக்கும் ஒரே நேரத்தில் கோடை வரவேண்டும்.

நான்காவது வரியில்தான் மிகுந்த கவனம் தேவை. ‘பூமியின் வடபாதி சூரியனை நோக்கிச் சாய்கிறது’ என்று மட்டும் எழுதினால், ‘அப்படியானால் அந்தப் பாதி பக்கத்தில் போகிறது’ என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்; பழைய தவறு புது உடையில் வந்துவிடும். பூமியின் குறுக்களவே 12,700 கிலோமீட்டர்தான் என்பதால், 15 கோடிக்கு முன்னால் சாய்வு தரும் தூர வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் கதிர் விழும் கோணமும் பகலின் நீளமும் அந்த வரியிலேயே வந்தாக வேண்டும்.

விவரத்தின் பக்கத்தில் போடும் படமும் காலைவாரலாம். பாடநூல்கள் பூமியின் பாதையைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல் நீள்வட்டமாக வரைவது வழக்கம். உண்மையில் அது ஏறக்குறைய வட்டம். மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தால் அந்தக் குழப்பம் வராது.